பெல் ஜாரில் மணிச் சத்தம் அடங்குவது காற்று தீர்ந்துபோவதாலா? எனக்குச் சந்தேகம்

கொளத்தூர் அப்பா | பிப்ரவரி 8, இரவு 9.50

ஒன்பதாவது படிக்கும் மகளுக்குப் பள்ளியில் பெல் ஜார் சோதனை காட்டியிருக்கிறார்கள். கண்ணாடிச் சாடிக்குள் மணி அடிக்கிறது, பம்ப் போட்டுக் காற்றை இழுக்கிறார்கள், சத்தம் குறைந்து குறைந்து கேட்காமல் போகிறது, ஆனால் சுத்தியல் அடிப்பது மட்டும் தெரிகிறது. ஆகவே ஒலிக்கு ஊடகம் வேண்டும், ஒளிக்கு வேண்டாம். எல்லோரும் படித்ததுதான். வீட்டுக்கு வந்து அவள் கேட்ட கேள்விதான் என்னைத் தூங்க விடவில்லை: "அந்த பம்ப் எல்லாக் காற்றையும் எடுத்துடுமாப்பா?"

எடுக்காது. பள்ளி பம்ப் நன்றாக வேலை செய்தால் நூறில் ஒரு பங்கு காற்று மிச்சம் இருக்கும். சாதாரணக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 25-க்குப் பின்னால் 18 சைபர் போட்ட அளவு மூலக்கூறுகள். நூறில் ஒரு பங்கு என்றால் 16 சைபர். அவ்வளவு இருந்தும் ஒலி போக ஊடகம் இல்லை என்றால் எப்படி ஒத்துக்கொள்வது? என் கட்சி இதுதான்: பெல் ஜார் சோதனை ஒரு கண்கட்டு வித்தை. யாராவது மறுத்துச் சொல்லுங்கள்.

சும்மா வந்தேன் | பிப்ரவரி 8, இரவு 10.15

இதில் என்ன குழப்பம்? ஒலி அலை, அலைக்கு ஊடகம் வேண்டும். ஒளி துகள், போட்டான். துகளுக்கு எதுவும் வேண்டாம், கல் மாதிரிப் பறந்துபோகும். முடிந்தது கதை.

கொளத்தூர் அப்பா | பிப்ரவரி 8, இரவு 10.22

முடியவில்லை. ஒளி அலையும்தான். சோப்புக் குமிழியில் வண்ணம் தெரிவது அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்தும் அடித்துக்கொண்டும் போவதால்தானே. அதைவிட, நான் கேட்டது பெல் ஜாரைப் பற்றி.

வேளச்சேரி வாசி | பிப்ரவரி 8, இரவு 11.05

நல்ல நேரத்தில் இந்தப் பேச்சு வந்தது. மெயின் ரோட்டைப் பார்த்த ஃப்ளாட். போன வருஷம் பெட்ரூம் ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டோம். "நடுவில் வாக்யூம் சார், சத்தம் உள்ளே வரவே முடியாது" என்று விற்றவர் சொன்னார். பெரிய தொகை. ராத்திரி லாரி போனால் இன்னும் கட்டில் வரை கேட்கிறது. வாக்யூமில் ஒலி போகாது என்றால் எனக்கு மட்டும் எப்படிப் போகிறது?

ஒரகடம் சத்தம் | பிப்ரவரி 9, காலை 6.40

கார் சத்தம் அளப்பதுதான் என் பிழைப்பு, அதனால் உள்ளே வருகிறேன். கொளத்தூர் சார், பாதி சரி. கேள்வி சரி, கட்சி தப்பு.

ஒலி காற்றில் போக வேண்டுமானால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இடித்துச் சேதியைக் கடத்த வேண்டும். ஒரு மூலக்கூறு அடுத்ததை இடிக்கும் முன் எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். சாதாரணக் காற்றில் மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. காற்று நூறில் ஒன்றானால் அந்தத் தூரம் நூறு மடங்கு கூடும், அப்போதும் 0.007 மி.மீ.தான். மணியின் ஒலி சுமார் 2000 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள், அலைநீளம் 17 செ.மீ. 17 செ.மீ. அலைக்கு முன்னால் 0.007 மி.மீ. இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. அந்த மெல்லிய காற்றில் ஒலி ஜம்மென்று போகும். வேகம்கூட மாறாது. வெப்பநிலை மாறாதவரை ஒலியின் வேகத்துக்கு அழுத்தம் ஒரு பொருட்டில்லை.

போகிற வழியில் தேய்ந்துபோகிறதா என்றும் கணக்குப் போட்டேன். நூறில் ஒரு பங்கு காற்றில் 30 செ.மீ. தூரத்துக்கு, ஒரு டெசிபெலில் சில நூறில் ஒரு பங்கு. ஒன்றுமே இல்லை.

அப்புறம் ஏன் அடங்குகிறது? மணியிடம் கேளுங்கள். ஒரகடம் போக பஸ் வந்துவிட்டது, சாயங்காலம் எழுதுகிறேன்.

கொளத்தூர் அப்பா | பிப்ரவரி 9, காலை 8.10

அப்படியானால் நான் சொன்னது முழுக்கச் சரி. வழியில் தடையே இல்லை. சாடிக்குள் ஒரு மைக் வைத்தால் மணி கணீரென்று கேட்க வேண்டும், கண்ணாடிதான் வெளியே விடவில்லை. அதைச் செய்து காட்டிவிட்டால் ஆயிற்று.

பழைய லேப்காரர் | பிப்ரவரி 9, காலை 11.30

தம்பி, 31 வருஷம் கல்லூரி இயற்பியல் லேபில் இருந்தவன். இந்தச் சோதனையை எத்தனை தடவை செய்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒரு தடவைகூட மணி முழுசாக அடங்கியதில்லை, அதைப் பையன்களிடம் சொன்னதுமில்லை. காதை வைத்துக் கேட்டால் "டிக் டிக்" என்று ஒன்று வந்துகொண்டே இருக்கும். கம்பி வழியாக வருவது. மணியை ரப்பர் கார்க்கில் கம்பி போட்டுத் தொங்கவிடுவோம், கம்பி தடியாக இருந்தால் போச்சு.

இது பழைய வம்பு. 1640-களில் ரோமில் உயரமான ஈயக் குழாயில் தண்ணீர் நிரப்பிக் கீழே திறந்துவிட்டார்கள். மேலே கண்ணாடிப் பாத்திரத்தில் வெற்றிடம் வந்தது. அதற்குள் ஒரு சின்ன மணி, வெளியே காந்தம் வைத்துச் சுத்தியலை ஆட்டினார்கள். மணி கேட்டது! உடனே கிர்ஷர் பாதிரியார், "மணி கேட்கிறது, ஆகவே உள்ளே வெற்றிடம் கிடையாது" என்று எழுதிவிட்டார். மணியைப் பிடித்திருந்த தண்டு வழியாகச் சத்தம் வந்திருக்கிறது. பிற்பாடு 1660-ல் பாயில் என்ற விஞ்ஞானி கைக்கடிகாரம் மாதிரி ஒன்றை நூலில் தொங்கவிட்டுப் பார்த்தார், சத்தம் அடங்கியது. நூலா கம்பியா என்பதில் இருக்கிறது சூட்சுமம்.

ஒரகடம் சத்தம் | பிப்ரவரி 9, இரவு 8.45

லேப் ஐயா சொன்னது பொன்னான பேச்சு, அதற்குத் திரும்பி வருகிறேன். முதலில் மணி.

காலியான 29சி பஸ்ஸில் ஒருவர் பின்னால் நின்று தள்ளுகிறார் என்று வையுங்கள். தள்ள ஆள் இல்லை, கை காற்றில் போகிறது. கூட்டம் நெருக்கியடிக்கும்போது அதே கை அதே அளவு அசைந்தாலும் டிரைவர் வரை தள்ளு போய்ச் சேரும். மணியின் உலோகமும் அப்படித்தான். உள்ளே காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது கிட்டத்தட்ட அதே அளவுதான் அதிர்கிறது. ஆனால் காற்று நூறில் ஒன்றானால் அது எதிர்த்துத் தரும் பிடிப்பும் நூறில் ஒன்று. அதனால் அதே அசைவுக்குக் காற்றில் எழும் அழுத்த ஏற்ற இறக்கம் நூறில் ஒன்றாகிவிடுகிறது. எங்கள் ஆட்கள் இதை இம்பிடன்ஸ் என்பார்கள், பெயர் முக்கியமில்லை.

அந்தச் சின்ன அழுத்தம் போய் எதிர்ப்பக்கக் கண்ணாடியைத் தள்ளுகிறது. கண்ணாடி கனம் மாறவில்லை. நூறில் ஒரு பங்கு தள்ளினால் நூறில் ஒரு பங்குதான் அசையும், வெளியே வரும் ஒலியும் அவ்வளவுதான். டெசிபெலில் சொன்னால் 40 குறைவு. சக்தியாகப் பிரித்துப் பார்த்தால் மணியிலிருந்து காற்றுக்குக் கை மாறும்போது 20, காற்றிலிருந்து கண்ணாடிக்குக் கை மாறும்போது இன்னொரு 20. வழிப் பயணத்தில் போனது ஒன்றுமில்லை. 1948-லேயே லிண்ட்சே என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதை ஆசிரியர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார், பாடப் புத்தகங்கள்தான் காதில் வாங்கவில்லை.

இப்போது உங்கள் மைக். உள்ளே வைத்தாலும் கணீரென்று கேட்காது சார். கண்ணாடி வரைக்கும் போவதற்கு முன்பே மணியின் வாயிலேயே 40 டெசிபெல் அழுத்தம் போய்விட்டது. உள்ளே இருக்கும் மைக்கும் அதே 40-ஐத்தான் காட்டும்.

கொளத்தூர் அப்பா | பிப்ரவரி 9, இரவு 9.30

ஒரு நிமிஷம். மைக்கும் குறைத்துத்தான் காட்டும் என்றால், "ஒலி போகவில்லை" என்பதற்கும் "போகிறது, ஆனால் மணி சரியாகப் பேசவில்லை" என்பதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் சத்தம் கம்மிதானே. அளந்து எப்படிப் பிரிப்பது?

ஒரகடம் சத்தம் | பிப்ரவரி 9, இரவு 10.05

நல்ல கேள்வி. இரண்டு வழி தோன்றுகிறது. உள்ளே இரண்டு மைக்கைச் சற்றுத் தள்ளி வைத்து, ஒலி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக எடுக்கும் நேரத்தைப் பாருங்கள். சத்தம் தேய்ந்திருக்கும், நேரம் மாறியிருக்காது. வழி திறந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. (செல்போனை உள்ளே வைத்துவிடாதீர்கள், தட்டையான லித்தியம் பாட்டரி வெற்றிடத்தில் உப்பிக்கொள்ளும்.)

இன்னொன்றைச் செய்ய உங்களுக்கு வேலையே இல்லை, செவ்வாயில் செய்துவிட்டார்கள். அங்கே காற்றழுத்தம் நம்முடையதில் நூறில் ஒன்றுக்கும் கீழே, சுமார் 6 மில்லிபார். உங்கள் பள்ளிச் சாடி அளவுதான். 2021-ல் அங்கே போய் இறங்கிய பெர்சிவரன்ஸ் வண்டியில் மைக் இருக்கிறது. சக்கரச் சத்தம், காற்று வீசுவது, பாறையில் லேசர் அடிக்கும்போது வரும் டக் டக், தூரத்தில் பறந்த ஹெலிகாப்டரின் முனகல் எல்லாம் பதிவாகியிருக்கிறது. அந்த டக் டக்கை வைத்துத்தான் அங்கே ஒலியின் வேகத்தையே அளந்தார்கள், நொடிக்குச் சுமார் 250 மீட்டர். இங்கே இருப்பதைவிடக் குறைவுக்குக் காரணம் குளிரும் கார்பன் டை ஆக்சைடும், அழுத்தம் இல்லை. பெல் ஜார் காற்றில் ஒலி போகாது என்றால் இதெல்லாம் எப்படி?

பழைய லேப்காரர் | பிப்ரவரி 10, காலை 10.00

அம்மா, இது எனக்குப் புதுசு. 31 வருஷம் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் போல. இருந்தாலும் ஒன்று: சத்தம் குறைந்தது உண்மைதானே? காற்றைத் திரும்ப விட்டால் சத்தம் திரும்ப வந்ததும் உண்மைதானே? அப்போது ஊடகம் வேண்டும் என்று சொன்னது எப்படித் தப்பாகும்?

ஒரகடம் சத்தம் | பிப்ரவரி 10, பகல் 1.20

ஐயா, முடிவு தப்பில்லை, காரணம்தான் தப்பு. காற்றைப் பாதியாக்கினால் 6 டெசிபெல் குறையும். மறுபடி பாதியாக்கினால் மறுபடி 6. இப்படியே போனால் எங்கேயும் நிற்காது. சாடிக்குள் மணியின் பேச்சு முழுவதையும் சுமப்பது காற்று என்பதற்கு இந்தக் கோடுதான் ஆதாரம். "இதோ வெற்றிடம், இதோ அமைதி" என்று ஒரே இடத்தில் நின்று காட்டுவதுதான் வித்தை. காற்றோடு சேர்ந்து சத்தமும் ஒரே விகிதத்தில் இறங்குவதைக் காட்டினால் அது சோதனை.

ஏசி மெக்கானிக் | பிப்ரவரி 10, இரவு 9.15

கொளத்தூர் சார், வாக்யூம் பம்ப் வேண்டுமா? ஏசி லைன் காலி பண்ணும் டூ ஸ்டேஜ் பம்ப் என்னிடம் இருக்கிறது, பள்ளிக்கூடப் பம்ப் எல்லாம் இதுக்கு முன்னாடி விளையாட்டு சாமான். பக்கத்துத் தெருதான், ஞாயிறு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு விஷயம், என் கேஜ் முள் கடைசிக்குப் போய் ஒட்டிக்கொண்டால் அப்புறம் 10 மில்லிபாரா 1 மில்லிபாரா என்று சொல்லாது. அதை நம்பாதீர்கள்.

பழைய லேப்காரர் | பிப்ரவரி 10, இரவு 9.40

பெல் ஜார் என்னிடம் ஒன்று இருக்கிறது, ஓய்வு பெற்றபோது கழித்துப்போட்ட சாமானில் காசு கொடுத்து எடுத்தது. தாம்பரம் வந்தால் தருகிறேன். ஊறுகாய் பாட்டிலில் எல்லாம் செய்யாதே தம்பி. 25 செ.மீ. அகலத்து வாயை வெளிக்காற்று கிட்டத்தட்ட 500 கிலோ கனத்தில் அழுத்தும். கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தாலும் போதும். மேலே இரும்பு வலை மூடிவிட்டுத்தான் பம்பைப் போடணும், மகளைத் தள்ளி நிற்கச் சொல்.

முள்ளை நம்பாதவனுக்கு ஒரு வழி. சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வை. நம்ம ஊர் 30 டிகிரியில் தண்ணீர் 42 மில்லிபாரில் கொதிக்கும். குமிழி வந்த நொடியில் உள்ளே சுமார் 42.

வேளச்சேரி வாசி | பிப்ரவரி 11, காலை 7.30

என் ஜன்னலை எல்லோரும் மறந்துவிட்டீர்கள்.

ஒரகடம் சத்தம் | பிப்ரவரி 11, இரவு 9.00

மறக்கவில்லை. உங்கள் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் அது வாக்யூம் இல்லை, உலர்ந்த காற்று அல்லது ஆர்கான். உண்மையான வாக்யூம் கண்ணாடி என்று ஒன்று உண்டு, அதில் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வெளிக்காற்று அமுக்கி ஒட்டவைத்துவிடாமல் இருக்க நடுவே புள்ளி புள்ளியாகக் குட்டித் தூண்கள் வைத்திருப்பார்கள். அந்தத் தூண்கள்தான் லேப் ஐயா சொன்ன தடிக்கம்பி, அது வழியாகச் சத்தம் நடந்து போகும். இரண்டில் எதுவானாலும் லாரியின் கனத்த உறுமல் ஓரத்துச் சட்டம் வழியாகவும் நகரும் கதவின் இடுக்கு வழியாகவும் வருகிறது. ராத்திரி அந்த இடுக்கில் கையை வைத்துப் பாருங்கள், காற்று வந்தால் சத்தமும் வருகிறது என்று அர்த்தம். முதலில் அதை அடையுங்கள்.

கொளத்தூர் அப்பா | பிப்ரவரி 15, இரவு 11.50

செய்தாகிவிட்டது. இன்று முழுக்க இதே வேலை, வீட்டுக்காரம்மா பேசவில்லை.

முதலில் ரிச்சி தெருவில் வாங்கிய பஸ்ஸர். ஒரகடம் மேடம் தனியாக எச்சரித்தும் கேட்கவில்லை. அதில் ஒரு சின்னக் குழியும் ஓட்டையும் வைத்து உள்ளே இருக்கும் காற்றைக்கொண்டே சத்தத்தைக் கூட்டுகிறார்கள், காற்று குறைந்தால் அதன் நடத்தையே மாறிவிடும். எண்கள் கண்டபடி வந்தன. தூக்கிப்போட்டுவிட்டு, லேப் ஐயா கொடுத்த பழைய 6 வோல்ட் மணியை எடுத்தேன்.

முதல் ஓட்டம்: மணியும் பாட்டரியும் தெர்மோகோல் மேல், தெர்மோகோல் அடித்தட்டின் மேல். சத்தம் அளக்கும் ஆப் போட்ட செல்போன் சாடியிலிருந்து ஒரு முழம் தள்ளி. காற்றோடு 76 டெசிபெல். முள் கடைசி வரை போயும் 58-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. நான் குதித்தேன்: "பார்த்தாயா, 40 இல்லை!" மகள்தான் அடித்தட்டில் கை வைத்து, "அப்பா, இது அதிருது" என்றாள். தட்டே ஒலிபெருக்கியாக வேலை செய்துகொண்டிருந்தது.

இரண்டாவது ஓட்டம்: மணி, பாட்டரி எல்லாம் ஒரே பொட்டலமாக ரப்பர் பேண்டில் தொங்கவிட்டேன். வெளியே போகும் கம்பியே கிடையாது. 76-ல் ஆரம்பம். காற்று பாதியானபோது 71, மேடம் கணக்குப்படி 70 வரணும். கிண்ணத்துத் தண்ணீர் குமிழி விட்டபோது 51, கணக்குப்படி 48. (42 மில்லிபார் என்றால் காற்று 24-ல் ஒரு பங்கு, அதற்கு 28 டெசிபெல் இறங்கணும்.) கிண்ணத்தை எடுத்துவிட்டு மறுபடி இழுத்ததில் 41, அதோடு சரி. மணியை நிறுத்திப் பார்த்தால் எங்கள் வீட்டு ராத்திரியே 39. அதற்குக் கீழே என் போனுக்குத் தெரியாது.

வால்வைத் திறந்தபோது கேட்டதுதான் எனக்குப் பிடித்தது. "ஸ்..." என்று காற்று உள்ளே போகப் போக, மணி தூரத்திலிருந்து தெருவுக்குள் வந்து நம் வாசலில் நிற்கும் ஐஸ் வண்டி மாதிரி வந்தது.

என் முதல் பதிவை வாபஸ் வாங்குகிறேன். கண்கட்டு வித்தை இல்லை. 58-ல் நின்றதைக் காட்டிவிட்டு நிறுத்தியிருந்தால் நானும் ஒரு கிர்ஷர்தான்.

ஒரகடம் சத்தம் | பிப்ரவரி 16, காலை 6.35

அருமை. 51-க்கும் 48-க்கும் உள்ள 3-ல் ரப்பர் பேண்டுக்குப் பங்கு இருக்கலாம். தண்ணீர் சரியாக எந்த நொடியில் குமிழி விட்டது என்று கண்ணால் பார்த்ததும், அளவு சரிபார்க்காத போன் ஆப்பும் காரணமாக இருக்கலாம். எது எவ்வளவு என்று இதை வைத்துப் பிரிக்க முடியாது. கிண்ணம் எடுத்த பிறகு வந்த 41-ஐ வைத்து எதையும் முடிவுகட்டாதீர்கள், அதில் பாதிக்கு மேல் உங்கள் வீட்டு ராத்திரிச் சத்தம்.

சும்மா வந்தேன் | பிப்ரவரி 16, காலை 9.20

சரி, ஒலியை விடுங்கள். நான் சொன்ன போட்டானில் என்ன தப்பு என்று யாரும் சொல்லவில்லை. ஒளிக்கு ஏன் ஊடகம் வேண்டாம்?

கொளத்தூர் அப்பா | பிப்ரவரி 16, பகல் 2.10

ராத்திரி மகளோடு இதைப் பேசிக்கொண்டிருந்தேன், அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒலின்னா காத்து ஆடுறது. காத்து இல்லாம காத்து எப்படி ஆடும்?" ஊடகத்தின் மீது ஏறிப்போகும் தனிப் பொருளாக ஒலியை நினைத்துக்கொண்டுதான் இத்தனை நாளும் குழம்பினேன். பஸ்ஸில் தள்ளு என்பது ஆட்கள்தான். ஆளை இறக்கிவிட்டுத் தள்ளை மட்டும் அனுப்ப முடியாது.

ஒளியில் ஆடுவது பொருள் இல்லை, மின்புலமும் காந்தப்புலமும். ஒன்று மாறினால் மற்றது எழுகிறது, அது மாறினால் இது. அதற்குப் பக்கத்தில் அணு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நீங்கள் சொன்ன "அலைக்கு ஊடகம் வேண்டும்" என்பதைத்தான் 19-ஆம் நூற்றாண்டில் பெரிய பெரிய ஆட்களும் நம்பினார்கள். ஈதர் என்று கண்ணுக்குத் தெரியாத ஒன்று எங்கும் நிறைந்திருக்கிறது, ஒளி அதில் போகிறது என்றார்கள். பூமி அந்த ஈதருக்குள் ஓடினால் ஒளியின் வேகம் திசைக்குத் திசை மாறவேண்டும் என்று 1887-ல் மைக்கல்சனும் மோர்லியும் அளந்தார்கள். எதிர்பார்த்த வித்தியாசம் வரவில்லை. ஆகவே அலை என்பதால் ஊடகம் வேண்டும் என்பதும் இல்லை, துகள் என்பதால் வேண்டாம் என்பதும் இல்லை. ஆடுவது எது என்று பார்க்கவேண்டும்.

ஒரகடம் சத்தம் | பிப்ரவரி 16, இரவு 8.30

மகளை எங்கள் ஆபீசுக்கு அனுப்புங்கள்.

ஒரு சின்னத் திருத்தம்: சுத்தியல் தெரிகிறது என்பதை வைத்து "ஒளிக்கு ஊடகம் வேண்டாம்" என்று பெல் ஜார் நிரூபிப்பதாகச் சொல்லக் கூடாது. மேலே சொன்ன அதே நியாயம்தான், உள்ளே காற்று மிச்சம் இருக்கிறதே. ஆனால் ஒன்று காட்டுகிறது: காற்று நூறில் ஒன்றானால் ஒலி 40 டெசிபெல் இறங்கும், வெளிச்சம் இம்மிகூட இறங்காது. ஒளி காற்றை நம்பி இல்லை. முழு ஆதாரம் வேண்டுமென்றால் மொட்டைமாடிக்குப் போய்ச் சூரியனைப் பாருங்கள். (நேராகப் பார்க்காதீர்கள்.) 15 கோடி கி.மீ. தூரத்திலிருந்து வெளிச்சம் எட்டரை நிமிஷத்துக்குள் வந்துவிடுகிறது, அங்கே கொதிப்பதில் ஒரு சத்தம்கூட நம் காதுக்கு வரவில்லை.

சும்மா வந்தேன் | பிப்ரவரி 16, இரவு 9.05

அப்போ புலம்தான் ஊடகம் என்று ஏன் சொல்லக் கூடாது? பெயரை மாற்றிவிட்டு ஈதரையே பின்வாசல் வழியாகக் கூட்டி வருகிறீர்கள்.

ஒரகடம் சத்தம் | பிப்ரவரி 16, இரவு 9.40

சொல்லிக்கொள்ளலாம், ஆனால் காற்றுக்கு இருக்கும் ஒரு குணம் அதற்கு இல்லை. காற்றோடு சேர்ந்து நாம் ஓடலாம், எதிர்த்து ஓடலாம், அதற்கேற்ப நமக்கு ஒலியின் வேகம் மாறும். புலத்துக்கு அப்படி "நிற்கும் இடம்" ஒன்று இல்லை, யார் எப்படி ஓடி அளந்தாலும் வெற்றிடத்தில் ஒளி அதே வேகம். இதற்கு மேல் பெயர்ச் சண்டைக்கு நான் வரவில்லை.

சும்மா வந்தேன் | பிப்ரவரி 16, இரவு 9.42

நான் ஒத்துக்கொள்ளவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய லேப்காரர் | பிப்ரவரி 17, காலை 10.30

எனக்கு ஒரு முடிச்சு அவிழவில்லை. சாடியில் காற்றுக்குப் பதில் ஹைட்ரஜன் நிரப்பினால், அழுத்தம் முழுசாக இருந்தும் மணி ரொம்ப மெலிந்துவிடும். லெஸ்லி என்ற இயற்பியலாளர் பழைய காலத்திலேயே பார்த்திருக்கிறார். மேடம் சொன்ன பிடிப்புக் கணக்கைப் போட்டேன். ஹைட்ரஜன் காற்றைவிடச் சுமார் 14 மடங்கு லேசு, ஒலி அதில் கிட்டத்தட்ட நாலு மடங்கு வேகம், இரண்டையும் பெருக்கினால் பிடிப்பு நாலில் ஒன்றுக்குப் பக்கம்தான் வருகிறது. 11, 12 டெசிபெல். "ரொம்ப மெலிந்துவிடும்" என்பதற்கு இது போதுமா?

ஒரகடம் சத்தம் | பிப்ரவரி 17, இரவு 9.10

போதாது ஐயா. 1868-ல் ஸ்டோக்ஸ் என்ற இயற்பியலாளர் கண்டுபிடித்தது இதைத்தான். ஹைட்ரஜனில் ஒலி வேகம் என்பதால் அலைநீளமும் நாலு மடங்கு. மணி அதன் முன்னால் பொடிசாகிவிடுகிறது. முன்பக்கம் அழுத்தியதும் வாயு பக்கவாட்டில் நழுவிப் பின்பக்கம் போய்விடுகிறது, அழுத்தம் சேர்வதற்கு முன்பே. கை விரித்துத் தண்ணீரைத் தள்ளுவதற்கும் ஒரு விரலால் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம். ஆனால் ஒரு சாடிக்குள் அடைத்துவைத்தால் அந்த நழுவல் எவ்வளவு நடக்கும், கண்ணாடிச் சுவர் எவ்வளவு தடுக்கும் என்று நான் கணக்குப் போடவில்லை. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

கொளத்தூர் அப்பா | பிப்ரவரி 17, இரவு 9.30

ஹைட்ரஜன் எங்கள் வீட்டில் வேண்டாம். இப்போதே சாப்பாடு மேஜையில் கிரீஸ்.

வேளச்சேரி வாசி | பிப்ரவரி 18, காலை 7.10

இடுக்கில் கை வைத்தேன், காற்று வந்தது. பஞ்சுப் பட்டை ஒட்டினேன், 180 ரூபாய். ஹார்ன் குறைந்தது. லாரி குறையவில்லை.

ஏசி மெக்கானிக் | பிப்ரவரி 18, இரவு 8.20

கொளத்தூர் சார், பம்ப் வந்து சேர்ந்தது, நன்றி. ஆயில் கண்ணாடியில் பார்த்தேன், உள்ளே மோர் மாதிரி இருக்கிறது. தண்ணிக் கிண்ணத்தை வைத்துவிட்டு எவ்வளவு நேரம் ஓட்டினீர்கள்? நீராவி எல்லாம் ஆயிலில்தான் போய் இறங்கியிருக்கிறது. இப்படியே லைனில் போட்டால் வாக்யூம் நிற்காது. ஆயில் மாற்றணும், ஒரு லிட்டர்.

கொளத்தூர் அப்பா | பிப்ரவரி 18, இரவு 8.31

பத்து நிமிஷம். கொதிக்கிறதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டோம். எந்த ஆயில் என்று சொல்லுங்கள், நாளைக்கு வாங்கி வருகிறேன்.